“உடனே அனுப்பவும்” என்ற வரிக்குக் கீழே இன்னும் கொஞ்சம் எழுதுங்கள்

நர்சிங் மாணவிகளுக்கான அடிப்படைச் செய்முறைக் கையேட்டைத் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ராமநாதபுரம் கடலோரத்தில் லேப் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். பயிற்சிக்கு வரும் மாணவிகளின் கையேட்டைப் புரட்டிப் பார்த்தேன். சிறுநீர், மலம், சளி என்று மூன்று மாதிரிகளுக்கும் கடைசி வரி ஒன்றுதான்: “மாதிரியை உடனே ஆய்வகத்துக்கு அனுப்பவும்.” சாயல்குடிப் பக்கமோ தொண்டிப் பக்கமோ கல்ச்சர் எடுக்க வேண்டிய சிறுநீர் ராமநாதபுரம் போய்ச் சேர வேண்டும். வண்டி வரும்போதுதான் போகும். அதுவரை மாதிரியை என்ன செய்வது என்று கையேட்டில் இல்லை.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஆறு மாதக் கர்ப்பிணி, மீனவர் வீட்டுப் பெண். காலை 9 மணிக்குச் சிறுநீர் பிடித்துக் கொடுத்தார். டப்பா ஜன்னல் திட்டில் இருந்தது. வண்டி 1 மணிக்கு வந்தது, லேபுக்குப் போய்ச் சேர இரண்டரை ஆனது. “மூன்று வகைக் கிருமி வளர்ந்துள்ளது, மறுபடி அனுப்பவும்” என்று ரிப்போர்ட் வந்தது. அந்தப் பெண் இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று.

இதில் இரண்டு தவறுகள் சேர்ந்திருந்தன. முதலாவது, பிடித்த விதம். “சிறுநீர் பிடிச்சிட்டு வாங்க” என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருந்தார்கள். கை கழுவிவிட்டு, முன்னிருந்து பின்னாகத் தண்ணீரால் சுத்தம் செய்து, மடிப்புகளை விரலால் விலக்கிப் பிடித்து, முதலில் வருவதைக் கீழே விட்டுவிட்டு, நிறுத்தாமல் நடுவில் வருவதை மட்டும் டப்பாவில் பிடிக்க வேண்டும். 10 முதல் 20 மில்லி போதும். டப்பாவின் உள்பக்கத்தையும் மூடியின் உள்பக்கத்தையும் விரல் தொடக் கூடாது. இதையெல்லாம் நம் ஊர்ப் பேச்சில், கூச்சப்படாமல், தனியாக வைத்துச் சொல்ல மாணவிக்குத் தெரிய வேண்டும். பல வகைக் கிருமி கலந்து வளர்ந்தால், பெரும்பாலும் அது தோலிலிருந்து வந்தது என்றுதான் லேபில் நினைப்போம்.

இரண்டாவது, காத்திருந்த நேரம். தோலிலிருந்து மில்லிக்கு 1,000 கிருமி கலந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் வெயிலில் அரை மணிக்கு ஒரு முறை அவை இரட்டித்தால், மூன்றரை மணி நேரத்தில் ஏழு முறை இரட்டித்து 1,28,000 ஆகிவிடும். தொற்று என்று கருத வழக்கமாகப் பார்க்கும் எல்லை மில்லிக்கு 1,00,000. ஒரே வகைக் கிருமியாக இருந்திருந்தால், தொற்றே இல்லாத பெண் ஆண்டிபயாடிக் சாப்பிட்டிருப்பார். அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. தாமதமாகும் என்று தெரிந்தால் எடுத்த உடனேயே 2 முதல் 8 டிகிரி ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், அப்போது 24 மணி நேரம் வரை தாங்கும். வண்டியில் போகும்போதும் ஐஸ் பேக் வைத்த பெட்டியில்தான் போக வேண்டும்.

ஐஸுக்கு இங்கே பஞ்சமில்லை. அதனால்தான் இதையும் சொல்கிறேன்: மீன் பெட்டியை மாதிரிக்கு எடுக்கக் கூடாது, உடைத்த ஐஸுக்குள் டப்பாவைப் புதைக்கவும் கூடாது. ஐஸ் உருகினால் லேபிள் ஊறி எழுத்து அழிந்துவிடும். டப்பாவை இறுக மூடி, தனியாக ஒரு ஜிப் கவரில் போட்டு, படிவத்தைக் கவருக்கு வெளியே நனையாத இடத்தில் வைத்தால் போதும்.

லேபிளை மூடியில் ஒட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். லேபில் நாலைந்து டப்பாக்களைத் திறக்கும்போது மூடிகள் மாறினால், நோயாளியே மாறிவிடுவார். டப்பாவின் உடம்பில்தான் ஒட்ட வேண்டும். பெயர், வயது, பதிவு எண், என்ன மாதிரி, தேதி, எடுத்த நேரம். நோயாளியையே பெயர் சொல்லச் சொல்லி, அவர் எதிரிலேயே சரிபார்க்க வேண்டும். எடுத்த நேரம் இல்லாத டப்பா எத்தனை மணி நேரம் காத்திருந்தது என்று எங்களால் கண்டுபிடிக்க முடியாது.

சளிக்கும் இதே லேபிள், இதே குளிர்ச்சிதான். ஆனால் வாயைக் கொப்பளித்து, திறந்த வெளியில் நின்று, ஆழமாக மூச்சிழுத்து இருமி வந்ததாக இருக்க வேண்டும். தண்ணீராக நுரைத்திருந்தால் அது எச்சில், திருப்பி எடுக்க வேண்டும்.

மலம் மட்டும் தனி. ரத்தமும் சளியுமாகப் போகும் வயிற்றுப்போக்கில் அமீபா பார்க்க வேண்டுமானால் ஃப்ரிட்ஜ் கூடாது. குளிர்ந்தால் அமீபாவின் அசைவு நின்றுவிடும், அந்த அசைவைப் பார்த்துத்தான் அதை அடையாளம் காண்கிறோம். சிறுநீர் கலக்காமல் எடுத்து, அரை மணிக்குள் அருகிலுள்ள மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட வேண்டும். “எல்லா மாதிரியும் ஃப்ரிட்ஜில்” என்று பழகிய மாணவி இதில் தவறிவிடுவாள்.

அடுத்த பதிப்பில் ஒவ்வொரு மாதிரிக்கும் “காத்திருக்க நேர்ந்தால்” என்று ஒரு பத்தி சேருங்கள். செய்முறைத் தேர்விலும் கேளுங்கள்: 9 மணிக்குச் சிறுநீரும் சீதபேதி மலமும் எடுத்தாயிற்று, வண்டி 1 மணிக்கு, இரண்டையும் எங்கே வைப்பாய்?

இப்படிக்கு,
கடலோர லேப் டெக்னீஷியன் ஒருவர்