பெயரை மாற்றுவதற்கு முன், மகள் நிலானிக்கு

அன்பு மகள் நிலானிக்கு,

கடவுச்சீட்டைப் புதுப்பிக்கும்போது கனடாவில் இருக்கும் மருமகன் சுதர்சனின் பெயரைச் சேர்ப்பதா, என் பெயரையே விடுவதா என்று கேட்டாய். தொலைபேசியில் இதைச் சொல்லி முடிக்க முடியாது. அதோடு அம்மா பக்கத்தில் நின்று கையால் சைகை காட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு கட்சி, எனக்கு ஒரு கட்சி. ஆறுதலாக எழுதுகிறேன், வாசி.

முதலில் சட்டம். கலியாணம் செய்ததால் பெண் பெயரை மாற்றியே ஆகவேண்டும் என்று இலங்கையில் எந்தச் சட்டமும் இல்லை. விவாகப் பதிவாளர் எழுதித் தந்த சான்றிதழை எடுத்துப் பார். அதில் இருப்பது கலியாணத்துக்கு முந்தைய உன் பெயர். இனி நீ எந்தப் பெயரில் வாழ்வாய் என்று அதில் எங்கும் எழுதவில்லை. மாற்றுவது வழக்கம், அவ்வளவுதான். நான் கிராம உத்தியோகத்தராக இருந்த காலத்தில் புதிதாகக் கலியாணமான பிள்ளைகள் அடையாள அட்டையில் பெயர் மாற்ற வருவார்கள். ஏன் மாற்றுகிறாய் என்று கேட்டால் பெரும்பாலானோரின் பதில், "எல்லாரும் மாற்றுகிறார்கள்தானே ஐயா" என்பதாகத்தான் இருக்கும்.

நம்முடைய சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. நமக்குத் தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனின் பெயரைத் தூக்கி அந்தக் கட்டத்தில் போடுகிறோம். உன்னுடையதில் சாமித்தம்பி என்று இருக்கிறது, அது நான். என்னுடையதில் கணபதிப்பிள்ளை என்று இருக்கிறது, அது உன் அப்பப்பா. மருமகனுடையதில் தெய்வநாயகம் என்று இருக்கும், அது உன் மாமா. இனி நீ மருமகனின் பெயரை எடுக்கிறாய் என்று வைத்துக்கொள். எந்தப் பெயரை எடுப்பாய்?

நம் ஊர் வழக்கப்படி எடுத்தால் நீ நிலானி சுதர்சன். அப்போது உன் குடும்பப் பெயர்க் கட்டத்தில் சுதர்சன், அவருடைய கட்டத்தில் தெய்வநாயகம். பெயரை மாற்றிய பிறகும் கனடாக்காரன் கண்ணுக்கு நீங்கள் இரண்டு பெயர்க்காரர்தான். சுதர்சன் என்பது அங்கே அவருடைய குடும்பப் பெயரே அல்ல. கனடா வழக்கப்படி எடுத்தால் நீ நிலானி தெய்வநாயகம். அதை இங்கே கல்லடியில் யாராவது வாசித்தால் நீ தெய்வநாயகத்தின் மகள், அதாவது மருமகனுக்குத் தங்கை! இதைச் சொன்னபோது அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் அவள் கட்சி மாறவில்லை.

நாளைக்குப் பிள்ளை பிறக்கும்போதும் இந்தக் கணக்குத் திரும்ப வரும். ஊர் முறைப்படி பிள்ளைக்குச் சுதர்சன் என்று வைத்தால், ரொறன்ரோவில் தகப்பனுக்கும் பிள்ளைக்கும் வெவ்வேறு குடும்பப் பெயர். தெய்வநாயகம் என்று வைத்தால் தகப்பனும் பிள்ளையும் ஒன்று, அந்தப் பெயர் முதல் முறையாக ஒரு தலைமுறையைத் தாண்டி நிற்கும். வெளிநாட்டில் இருக்கும் பலர் இப்போது இரண்டாவதைத்தான் செய்கிறார்கள். ஆகவே உன் பெயரைப் பற்றிப் பேசும்போதே பிள்ளையின் பெயரையும் சேர்த்துப் பேசுங்கள். தனித்தனியாக முடிவெடுத்தால் ஒரு வீட்டில் மூன்று பெயர் வந்து நிற்கும்.

இனிப் பத்திரங்களுக்கு வருகிறேன். அம்மாவின் கதையை நீ அரைகுறையாகத்தான் அறிவாய். படுவான்கரையில் அவளுக்குச் சீதனமாக வந்த வயலின் உறுதி கணபதிப்பிள்ளை பூரணம் என்ற பெயரில் இருக்கிறது. (அவளுடைய தகப்பனும் கணபதிப்பிள்ளைதான். ஊரில் பாதிப் பேர் கணபதிப்பிள்ளை.) கலியாணத்துக்குப் பிறகு எடுத்த அடையாள அட்டையில் அவள் சாமித்தம்பி பூரணம். பிறப்புச் சான்றிதழில் வெறும் பூரணம், தகப்பன் பெயர் வேறொரு நிரலில். அந்த வயலை ஈடு வைக்கப் போனபோது நொத்தாரிசு மூன்றையும் மேசையில் பரப்பி வைத்து, "இது மூன்று மனுசியா, ஒரு மனுசியா?" என்று கேட்டார். அவரில் குறை இல்லை. கடைசியில் மூன்றையும் இணைத்தது விவாகச் சான்றிதழ். பெண்ணின் பழைய பெயர், அவள் தகப்பனின் பெயர், கணவனின் பெயர் மூன்றும் ஒரே தாளில் இருப்பது அதில்தான். அதன் பிரதியோடு சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்தோம். புதிய உறுதியில் "சாமித்தம்பி பூரணம் எனவும் அழைக்கப்படும் கணபதிப்பிள்ளை பூரணம்" என்று எழுதினார்.

அம்மாவுக்கு விவாகச் சான்றிதழ் இருந்தது, தப்பினாள். பழைய ஆட்களில் பலர் தாலி கட்டியதோடு சரி, பதிவு செய்யவில்லை. புருசன் இறந்த பிறகு அவருடைய ஓய்வூதியம் கேட்டு வரும் மனுசி கையில் இரண்டு பெயரோடு நிற்பாள், இரண்டையும் சேர்த்துக் காட்டும் தாள் இராது. 2004 கடல்கோளுக்குப் பிறகு நாவலடி, கல்லடித் திருச்செந்தூர்ப் பக்கம் எல்லாத் தாள்களும் கடலோடு போன குடும்பங்களில் இது இன்னும் மோசம். இழந்த அட்டைக்குப் பதிலாகப் புதியது எழுதும்போது சிலர் தகப்பன் பெயரைச் சொன்னார்கள், சிலர் புருசன் பெயரைச் சொன்னார்கள்.

உன் கையில் இருப்பவற்றைப் பார். சாதாரண தரம், உயர்தரம், வந்தாறுமூலையில் எடுத்த பட்டம் எல்லாம் சாமித்தம்பி நிலானி. கலியாணம் ஆகிவிட்டது என்பதற்காக அவற்றைத் திருத்தித் தரமாட்டார்கள். எடுத்த பெயரிலேயே நிற்கும். கல்லடி வீட்டு உறுதியும் அப்படித்தான். அடையாள அட்டையை மாற்றலாம். விவாகச் சான்றிதழோடு இங்கே கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்தால் பிரதேச செயலகம் வழியாகப் போகும். பெயர் மாறினாலும் இலக்கம் மாறாது. 1996 என்ற பிறந்த ஆண்டு, அடுத்து ஜனவரி 10 என்பதால் பத்தாவது நாள், பெண் என்பதால் அதோடு ஐந்நூறு கூட்டி 510. அந்த 1996510 சாகும் வரைக்கும் உன்னோடு வரும். வங்கியும் ஊழியர் சேமலாப நிதியும் அந்த இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு உன்னை அடையாளம் காணும். வெளிநாட்டில் அந்த இலக்கம் யாருக்கும் வேண்டாம். அங்கே கடவுச்சீட்டில் உள்ள பெயர்தான் நீ.

ஆகவே நான் சொல்வது இது. இப்போது கடவுச்சீட்டைப் பழைய பெயரிலேயே புதுப்பி. மருமகன் உன்னைக் கூப்பிட விண்ணப்பிக்கும்போது கணவன் மனைவி என்பதற்குச் சாட்சி விவாகச் சான்றிதழும் உங்கள் உறவு உண்மையானது என்பதைக் காட்டும் மற்றவையும்தான். ஒரே குடும்பப் பெயர் இருக்கவேண்டும் என்று யாரும் கேட்கமாட்டார்கள். விண்ணப்பம் போன பிறகு நடுவழியில் பெயரையும் கடவுச்சீட்டையும் மாற்றினால் அதை அறிவித்து, ஏன் எப்படி என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். உன் பட்டத்தை அங்கே மதிப்பிடக் கொடுக்கும்போதும் ஒரே பெயர் இருந்தால் ஒரு தாள் குறைவு.

இதற்குள் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது, எழுத்துக்கூட்டல். உன் விவாகச் சான்றிதழ் தமிழில் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு மாற்றும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் தன் மனம்போல Samythampi என்று எழுதிவிடுவார். உன் கடவுச்சீட்டில் Samithamby. விமானச் சீட்டுக்கும் விசாவுக்கும் இரண்டும் வெவ்வேறு ஆட்கள். கடவுச்சீட்டுப் பிரதியைக் கையில் கொடுத்து, இதைப் பார்த்து எழுதுங்கள் என்று சொல். மருமகனின் பெயருக்கும் அப்படியே. உன் படம் இருக்கும் பக்கத்தின் அடியில் கணினி வாசிக்கும் இரண்டு வரி இருக்கிறதல்லவா, அதில் குடும்பப் பெயர் முடியும் இடத்தில் இரட்டை அம்புக்குறி வரும். புதிய கடவுச்சீட்டு கைக்கு வந்ததும் அந்த இடத்தில் பெயர் சரியாகப் பிரிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வா.

போய்ச் சேர்ந்த பிறகு மாற்ற விரும்பினால் ஒன்ராறியோவில் விவாகச் சான்றிதழைக் காட்டிக் கணவனின் குடும்பப் பெயரை எடுத்துக்கொள்ளலாம். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் நிலைமை நேர்மாறு. அங்கே 1981 முதல் கலியாணமான பிறகும் இருவரும் பிறந்த பெயரிலேயே சட்டக் காரியங்களைச் செய்யவேண்டும். மொன்றியலில் இருக்கும் உன் சித்தி மகளைக் கேட்டுப் பார். ஆனால் ஒன்ராறியோவில் சாரதி அனுமதிப்பத்திரத்தை மட்டும் மாற்றி இலங்கைக் கடவுச்சீட்டைப் பழைய பெயரில் விட்டால் அம்மாவின் வயல் கதைதான். மாற்றினால் எல்லாவற்றையும் மாற்று.

மருமகன் ஏன் கேட்கிறார் என்றும் யோசித்தேன். அதிகாரம் செய்பவராக அவர் எனக்குத் தெரியவில்லை. பிள்ளையோடு நீ தனியாகப் பயணம் செய்யும்போது பெயர் வேறாக இருந்தால் எல்லையில் மறிப்பார்களோ என்று கேட்டார் என்றாயே, அது நியாயமான பயம். அதற்குப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் அவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் வைத்திருக்க வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் அந்தக் கடிதத்தைக் கொண்டுபோகும்படிதான் கனடா அரசு சொல்கிறது. இதை அவரிடம் சொல். அதற்குப் பிறகும் அவர் மனம் ஒப்பவில்லை என்றால் அது தாள் சம்பந்தப்பட்ட பயம் அல்ல. அவரோடு வேலை செய்பவர்கள் கேட்பதோ, மாமி சொல்வதோ, ஏதோ ஒன்று இருக்கும். அதை நீங்கள் இரண்டு பேரும்தான் பேசவேண்டும், நான் இடையில் வரமாட்டேன்.

"உங்கள் பெயர் போவது உங்களுக்குக் கவலையில்லையா அப்பா" என்று கேட்டாய். இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் நம் முறையில் எந்தத் தகப்பனின் பெயரும் ஒரு தலைமுறைக்கு மேல் போவதில்லை. என் தகப்பனின் பெயர் உன்னிடம் இல்லை, அதற்காக நீ அழவில்லை. மட்டக்களப்பில் பிள்ளைக்கு வருவது தாயின் குடி, அதாவது தாய்வழி வம்சம். நீ அம்மாவின் குடி, உன் பிள்ளையும் அதே குடி. கோயில் திருவிழாவில் உன் குடியின் முறை வரும்போது நீ கனடாவில் இருந்தாலும் அது உன் முறை. வீடும் உன் பெயரில். கலியாணமாகிப் பெண் வீட்டுக்கு வந்தவன் நான்தான். அப்படியிருக்கத் தாள்களில் மட்டும் ஆம்பிளைகளின் பெயர் ஆட்சி செய்வது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத்தான் இருக்கும்.

அம்மாவின் கட்சியையும் எழுதச் சொல்கிறாள்: புருசன் பெயரோடு இருப்பதுதான் பிள்ளைக்கு மரியாதை என்கிறாள். வயலுக்காக அலைந்தவளே இதைச் சொல்கிறாள், நான் என்ன செய்ய.

விவாகச் சான்றிதழில் இன்னும் இரண்டு அத்தாட்சிப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். வரும் கிழமை கொழும்புக்கு வரும் மாமாவிடம் கொடுத்து விடுகிறேன். அவற்றை மடிக்காதே, தட்டையாக உறையில் வை. விண்ணப்பப் படிவத்தை நிரப்பியதும் கையெழுத்திடுவதற்கு முன் படம் எடுத்து எனக்கு அனுப்பு. இந்தக் கடிதத்தை மருமகனுக்கும் காட்டலாம்.

அன்புடன்,
அப்பா
கல்லடி