அந்த டிவி போட்டோ பற்றி, எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

எங்களிடம் வாங்கிய 4கே டிவியின் சிக்னல் தகவல் திரையை யாரோ படம் பிடித்து அனுப்ப, அது இப்போது எல்லோர் கைபேசியிலும் சுற்றுகிறது. `3840x2160 60Hz`, `8bit`, `SDR` என்று அதில் இருக்கிறது. "எச்டிஆர் என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள்" என்று கீழே ஒரு வரி. எச்டிஆர் என்றால் வெளிச்சம், இருள், நிறம் எல்லாவற்றையும் கூடுதல் வீச்சில் காட்டும் படம்; எஸ்டிஆர் என்பது சாதாரணப் படம். அந்தச் சொல் எங்களை ரொம்பவே வருத்திவிட்டது. அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

அந்தத் திரை காட்டுவது டிவியின் திறனை அல்ல. எச்டிஎம்ஐ கேபிள் வழியாக அந்த நேரத்தில் என்ன வருகிறதோ, அதை மட்டும்தான் காட்டும்.

அந்த வீட்டுக்கு நேரில் போய்ப் பார்த்தோம். ஓடியது எச்டிஆர் படம்தான். ஆனால் ஸ்ட்ரீமிங் பெட்டி செருகியிருந்த போர்ட், டிவி அமைப்பில் சாதாரண நிலையிலேயே இருந்தது. பழைய கருவிகளுக்குச் சிக்கல் வரக்கூடாது என்று பல டிவிகள் அப்படித்தான் வருகின்றன. அந்த நிலையில், எச்டிஆர் வாங்கிக்கொள்வேன் என்று ஸ்ட்ரீமிங் பெட்டியிடம் டிவி சொல்லாது. பெட்டியும் படத்தை 8 பிட் எஸ்டிஆராக மாற்றி அனுப்பிவிடும். அந்த ஒரு போர்ட்டை மட்டும் மேம்பட்ட நிலைக்கு மாற்றினோம். திரை சில நொடி இருண்டு மீண்டது. தகவல் திரையில் `HDR10`, `10bit`, `4:2:0` வந்துவிட்டது. `4:2:0` என்பது நிறத் தகவலைச் சுருக்கி அனுப்பும் முறை. ஒரு நிறத்துக்கு 256 படிகள் இருந்த இடத்தில் 1024. வானத்தில் தெரிந்த பட்டை பட்டையான கோடுகளும் போய்விட்டன.

சிலர் வீட்டில், அதைவிடக் குறைவாகச் சுருக்கும் `4:2:2`, கூடவே `12bit` என்று காட்டும். எச்டிஎம்ஐயில் 4:2:2 எப்போதும் 12 பிட் இடத்தில்தான் பயணிக்கும். உள்ளே இருக்கும் படம் 10 பிட்டாகவே இருக்கலாம்.

எச்டிஆர் என்று காட்டுகிறதே, அது போதுமா என்றால் போதாது. பெட்டியில் 'எப்போதும் எச்டிஆர்' என்று வைத்திருந்தால், பழைய சீரியலுக்கும் `HDR10` என்றுதான் வரும். தெளிவு குறைந்த 720பி காட்சியைப் பெட்டியே பெரிதாக்கி அனுப்பினாலும் `3840x2160` என்றே காட்டும். அதனால் பெட்டியில் 'உள்ளடக்கத்துக்கு ஏற்ப' என்ற தேர்வை வைத்துவிட்டு, ஒரு எச்டிஆர் படம், ஒரு சாதாரண நிகழ்ச்சி இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். இரண்டாவதில் அந்தக் குறி மறைந்தால் முதலில் வந்தது உண்மையான எச்டிஆர். போர்ட்டை மாற்றிய பிறகு படம் விட்டு விட்டு வந்தாலோ, புள்ளி புள்ளியாக மின்னினாலோ முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். 60Hz-இல் 4கே எச்டிஆருக்கு நொடிக்கு 18 கிகாபிட் தாங்கும் கேபிள் வேண்டும்.

டிவியைப் பொருத்தும்போதே இந்த அமைப்பை நாங்கள் மாற்றிக் கொடுத்திருக்கலாம். 

அந்தப் போட்டோவைப் பார்த்ததும் அடுத்தவருக்கு அனுப்பாமல், முதலில் எங்களைக் கூப்பிட்டு "என்ன இது?" என்று கேட்டீர்களே, அந்த ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி. இப்போதும் சந்தேகம் இருந்தால் தகவல் திரையைப் படம் பிடித்துக் கடைக்குக் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்தே பார்த்துவிடலாம்.

அன்புடன்,
கடை உரிமையாளர்