பத்து ஆட்டுக்கு ஒரு விண்ணப்பம்

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த வங்கி விண்ணப்ப நகலும் வந்து சேர்ந்தன. கரிசலில் இந்த வருஷம் மழை ஏமாற்றவில்லை, உளுந்து நன்றாக நிற்கிறது என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்தது. இங்கே எல்லாரும் நலம். பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் இத்தனை காலம் உட்கார்ந்திருந்தவன் என்பதால்தான் எனக்கு அனுப்பியிருக்கிறாய். அதனால் மேலாளர் எந்தக் கண்ணோடு பார்ப்பாரோ அதே கண்ணோடு படித்தேன்.

பத்து ஆடு, வருஷத்துக்கு இரண்டு ஈத்து, ஈத்துக்கு இரண்டு குட்டி, ஆக நாற்பது குட்டி, குட்டி 8,000 ரூபாய், வருமானம் 3,20,000 என்று எழுதியிருக்கிறாய். இந்த ஒரு வரியிலேயே உன் விண்ணப்பம் நின்றுவிடும். சினைக்காலமே ஐந்து மாதம். குட்டி போட்ட ஆடு மறுபடி பருவத்துக்கு வர இரண்டு மூன்று மாதமாவது ஆகும். அதனால் நன்றாகப் பராமரித்தால் இரண்டு வருஷத்தில் மூன்று ஈத்து, அதாவது எட்டு மாதத்துக்கு ஒன்று. கன்னி இன ஆட்டில் இரட்டைக் குட்டி சாதாரணம் என்பது உண்மைதான், ஆனால் தலையீத்தில் பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான். சினை பிடிக்காமல் நிற்கும் ஆடு இருக்கும், குட்டியிலேயே சாகிறதும் இருக்கும். பத்தில் எட்டு ஆடு ஈனும், எட்டும் சேர்ந்து 12 குட்டி போடும், அதில் 10 தேறும் என்று வை. எந்த அதிகாரியும் அதை மறுக்க மாட்டார்.

விலையையும் அப்படியே இறக்கி எழுது. ஏழு மாதக் குட்டி 14 கிலோ நிற்கும். உயிர் எடை கிலோ 350 ரூபாய் என்று போட்டால் ஒரு குட்டிக்கு 4,900, ஓர் ஈத்துக்கு 49,000. பக்ரீத், தீபாவளிக்கு முன்னால் எட்டயபுரம் சந்தையில் இதைவிடக் கூடுதலாகப் போகும், ஆடியில் கோயில் கொடைக்குக் கிடா கேட்டு வீட்டுக்கே வருவார்கள் என்பது எனக்கும் தெரியும். அதைக் கணக்கில் சேர்க்காதே. கிடைத்தால் உனக்கு, கிடைக்காவிட்டாலும் கடன் தவணை தடுமாறாது.

அடுத்து, நான் ரொம்ப நேரம் யோசித்த இடம் கொட்டகை. 1,80,000 கேட்டிருக்கிறாய், அதில் 60,000 கொட்டகைக்கே போகிறது. பெட்டைக்குப் பத்து சதுர அடி, கிடாவுக்கு இருபது, குட்டிக்கு ஐந்து என்று வைத்தால் மொத்தமே 180 சதுர அடிதான். இருபதுக்குப் பத்து போதும். கான்கிரீட் தூணும் சிமெண்ட் தரையும் இந்த அளவுக்கு வேண்டாம். உன் தோட்டத்துப் பனங்கட்டைகளை நிறுத்தி, மேலே தகரம், சுற்றிலும் கம்பி வலை. தரை மண்ணாகவே இருக்கட்டும், ஆனால் வெளித்தரையைவிட ஓர் அடி உயர்த்தி, ஒரு பக்கம் சரிவு கொடு. 30,000 ரூபாய்க்குள் முடியும். கொட்டகை குட்டி போடாது சண்முகம். அதில் குறைக்கிற ஒவ்வொரு ஆயிரமும் வட்டியிலும் குறையும்.

ஈரம் தேங்குகிறதா என்பதை மட்டும் விடாமல் பார். காலையில் கொட்டகைக்குள் போய் ஆட்டின் முகம் இருக்கும் உயரத்துக்குக் குனிந்து நில். மூத்திர நெடியில் கண் எரிந்தால் ஆடுகளுக்கும் ராத்திரி முழுக்க எரிந்திருக்கிறது என்று அர்த்தம். குட்டிகளுக்குச் சளி பிடிப்பது பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

இதையெல்லாம் வைத்து உன் விண்ணப்பத்தைத் திருத்தி எழுதியிருக்கிறேன். அப்படியே நகல் எடுத்துக்கொள்.

"ஐயா, விளாத்திகுளம் வட்டத்தில் மூன்று ஏக்கர் மானாவாரி நிலத்தில் உளுந்தும் கம்பும் பயிரிட்டு வருகிறேன். ஒரு கறவை மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறேன். பத்துப் பெட்டையும் ஒரு கிடாவும் கொண்ட கன்னி ஆட்டுப் பண்ணை அமைக்கத் தங்கள் கிளையில் காலக் கடன் வேண்டுகிறேன். இரண்டு பல் போட்ட பெட்டை பத்து, தலா 9,000 வீதம் 90,000. கிடா 12,000. கொட்டகை 30,000. தீவனத் தொட்டி, தண்ணீர்த் தொட்டி 4,000. காப்பீடும் வண்டி வாடகையும் 5,000. முதல் வருடத் தீவனம், தீவன விதை, தடுப்பூசி, குடற்புழு மருந்து 14,000. ஆக மொத்தம் 1,55,000 ரூபாய். இதில் என் சொந்தப் பங்கு 35,000. கடனாக வேண்டுவது 1,20,000.

தை மாதம் ஆடு வாங்கினால் ஆடியில் முதல் ஈத்து எதிர்பார்க்கிறேன். அந்தக் குட்டிகள் அடுத்த மாசி, பங்குனியில் விற்பனைக்கு வரும். எனவே அசல் தவணை தொடங்க 15 மாத அவகாசம் தந்து, அதன்பின் எட்டு மாதத்துக்கு ஒருமுறை 20,000 வீதம் ஆறு தவணைகளாக வசூலிக்க வேண்டுகிறேன். அவகாசக் காலத்து வட்டியைப் பால் பணத்திலும் உளுந்து விற்ற பணத்திலும் கட்டிவிடுவேன். சிட்டா, அடங்கல், ஆதார் நகல், கொட்டகை மதிப்பீடு, கால்நடை மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் இணைத்துள்ளேன்."

அந்த 15 மாத அவகாசம்தான் இந்த விண்ணப்பத்தின் உயிர். அதைக் கேட்காமல் விட்டால் மூன்றாம் மாதமோ ஆறாம் மாதமோ தவணை தொடங்கிவிடும். கையில் பணம் இருக்காது. சினை ஆட்டை விற்றுத் தவணை கட்டுவார்கள், அடுத்த தவணைக்கு இன்னொன்று போகும், ஒன்றரை வருஷத்தில் பட்டி காலி. இப்படிப் போன கடன்கள் பலவற்றை நான் பார்த்திருக்கிறேன். ஆடு நோயில் செத்து நின்ற கடனைவிட இப்படி நின்றதுதான் அதிகம். வட்டி எங்கிருந்து வரும் என்று வெளிப்படையாக எழுதச் சொன்னதும் இதனால்தான். வட்டி நூற்றுக்குப் பத்து என்று வைத்தால், விற்பனை தொடங்கும் முன்பே ஆறு மாதத்துக்கு ஒருமுறை 6,000 கட்ட வேண்டியிருக்கும்.

இனி உனக்கு மட்டும் ஒரு கணக்கு. ஐந்து வருஷத்தில் ஆறு ஈத்துக் குட்டிகளை விற்கலாம், 2,94,000 வரும். முதல் வருஷச் செலவு கடனுக்குள் அடங்கிவிட்டது. மிச்ச நாலு வருஷத்துக்கு அடர்தீவனம், மருந்து, காப்பீடு வருஷம் 20,000 வீதம் 80,000. அசல் 1,20,000, வட்டி மொத்தமாக 35,000. கையில் நிற்பது 59,000. அதாவது கடன் தீரும்வரை வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் பக்கம்தான். மேய்ச்சலுக்கு நீயும் மதினியும் போகிற கூலியை நான் இதில் சேர்க்கவேயில்லை. கடன் தீர்ந்த பிறகு பட்டி உன்னுடையது, அப்போதிருந்து வருஷம் ஐம்பதாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். குடும்பத்தை நடத்த இது போதாது, உளுந்து பொய்த்த வருஷத்தைத் தாண்ட இது போதும். இந்த அளவுக்கு எதிர்பார்ப்போடு இறங்கு. ஒரு ஈத்தில் ஏழு குட்டிதான் தேறினாலும் 34,300 வரும், தவணையும் வட்டியும் சேர்ந்து 27,000-க்கு உள்ளேதான். மேலாளர் கேட்டால் இதைச் சொல், அவர் மனதில் இருக்கும் கேள்வி அதுதான்.

கிசான் கார்டில் ஆடு வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். அந்தக் கார்டு இப்போது கால்நடைக்கும் உண்டு, ஆனால் தீவனம், மருந்து போன்ற நடைமுறைச் செலவுக்குத்தான். ஆடும் கொட்டகையும் காலக் கடனில்தான் வரும். மானியம் என்று யாராவது பேசினால் நம்பி அலையாதே. தேசிய கால்நடை இயக்கத்தின் பாதி மானியம் நூறு பெட்டையும் ஐந்து கிடாவும் வைக்கிற பண்ணையிலிருந்துதான் தொடங்குகிறது. அப்புறம், 2025 ஜனவரியிலிருந்து இரண்டு லட்சம் வரை விவசாயக் கடனுக்கும் அதன் துணைத் தொழில்களுக்கும் சொத்து ஈடோ சொந்தப் பங்கோ கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பத்திரம் கேட்டால் பணிவாக இதை நினைவுபடுத்து. சொந்தப் பங்கு 35,000 போடச் சொன்னது விதிக்காக இல்லை, கடன் குறைவாக இருக்கட்டும் என்பதற்காக.

ஆட்டைச் சந்தையில் வாங்காதே. பல ஊர் ஆடு கூடுகிற இடம், ஆட்டுக்கொல்லி நோய் அங்கிருந்து ஒட்டிக்கொண்டு வரும். எட்டயபுரம் விற்பதற்கு நல்ல இடம். வாங்குவதை உன் பக்கத்து ஊர்களில் இரண்டு மூன்று பட்டியில் வைத்துக்கொள். உதட்டைத் தூக்கி முன்பல் பார், நடுவில் இரண்டு பெரிய பல் இருந்தால் போதும். கீழ் இமையை இறக்கிப் பார். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டும், வெளுத்திருந்தால் வயிற்றில் புழு ரத்தத்தைக் குடித்திருக்கிறது. கொண்டுவந்ததும் இரண்டு மூன்று வாரம் ஊர் ஆடு மாடு பக்கம் விடாமல் தனியே கட்டு. ஆட்டுக்கொல்லிக்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி போடாத ஆடு மேய்ச்சலுக்குப் போகக் கூடாது.

காப்பீட்டில் ஒன்று. காதில் போடுகிற வில்லைதான் ஆட்டுக்கு அடையாளம். அறுந்து விழுந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லி மறு வில்லை போட்டு எழுதி வாங்கு. ஆடு செத்தால் நாறுகிறதே என்று உடனே புதைத்துவிடாதே. முதலில் காப்பீட்டு அலுவலகத்துக்கும் வங்கிக்கும் தகவல் சொல்லு. டாக்டர் வந்து அறுத்துப் பார்த்துச் சான்று தர வேண்டும், வில்லையோடு காதும் படமும் வேண்டும். புதைத்துவிட்டு வந்து கேட்டவர்களுக்கு ஒரு ரூபாய் வாங்கிக் கொடுக்க என்னால் முடிந்ததில்லை.

விண்ணப்பம் கொடுக்கும்போது ஒரு நகலில் தேதியும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொள். அதிகாரி நிலத்தைப் பார்க்க வருவதற்குள் கிணற்றடியில் ஐந்தாறு சென்ட் வேலிமசாலும், வரப்போரம் அகத்தியும் விதைத்துவிடு. கோடையில் கரிசலில் மேய்ச்சல் எதுவும் நிற்காது, அந்த மூன்று மாதத்துக்கு என்ன தீவனம் என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும்.

கொட்டகைக்கு ஆசாரி எவ்வளவு கேட்கிறார் என்று எழுது. 30,000-ஐத் தாண்டினால் கணக்கை மறுபடி போட வேண்டும். மதினிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லு.

உன்,
ராமசாமி