ஒரு பென்சில் கோட்டுக்கு நன்றி

நேற்றைய வினாடி வினா இறுதிச் சுற்றில் என்ன நடந்தது என்று அரங்கில் இருந்த எல்லோருக்கும் தெரியும். கேள்வியை எழுதியதும் வாசித்ததும் நான்தான். இரவு சரியாகத் தூங்கவில்லை. இதை எழுதிவிட வேண்டும்போல் இருக்கிறது.

இரண்டு அணிகளும் 285இல் நின்றன. டை பிரேக்கரில் போனஸ் கிடையாது, முதலில் பஸ்ஸரை அழுத்துபவர் விடை சொல்லும் டாஸ் அப் கேள்வி மட்டும்தான். யாருடைய மதிப்பெண் முதலில் மாறுகிறதோ அதோடு ஆட்டம் முடிந்தது. கேள்வி முடியும் முன் அழுத்தித் தவறாகச் சொன்னால் 5 புள்ளி போகும், அந்த ஐந்திலேயே கோப்பையும் போய்விடும்.

விடை, கான்ஸ்டாண்டிநோபிளின் 1453 முற்றுகை. கடினமான குறிப்பில் தொடங்கி எளிதானதில் முடிப்பதுதான் வழக்கம் என்பதால், நகரை ஒட்டிய கோல்டன் ஹார்ன் கடற்கழியின் வாயை நகரத்தார் இரும்புச் சங்கிலியால் அடைத்ததை முதலில் வைத்திருந்தேன். முற்றுகையிட்ட ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் மெஹ்மெத் கப்பல்களைத் தரைவழியாக இழுத்துச் சென்றது அடுத்த வாக்கியத்தில்தான் வரும். பஸ்ஸர் ஒலித்தது. "1203, நான்காம் சிலுவைப் போர்" என்றார் அந்த மாணவர். நான் தவறு என்று சொல்லிவிட்டேன். ஆனால் 1203இலும் அங்கே சங்கிலி இருந்தது. சிலுவைப் படை அதை உடைத்துத்தான் உள்ளே போனது.

அணி முறையிட்டது. சங்கிலியோடு நிறுத்தினேனா, கப்பல் வரைக்கும் வாசித்துவிட்டேனா? கப்பல் என்று வாசித்திருந்தால் 1203 தவறு. எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. ஆளுக்கொன்று சொன்னார்கள், குரல்களும் உயர்ந்தன.

அப்போதுதான் புள்ளி எழுதிக்கொண்டிருந்த முதலாமாண்டு மாணவி தன் கேள்வித்தாளை நீட்டினார். "சங்கிலியால்" என்ற சொல்லுக்குப் பின்னால் சின்னதாக ஒரு பென்சில் கோடு. ஒவ்வொரு டாஸ் அப்பிலும் பஸ்ஸர் ஒலித்த இடத்தில் அப்படிக் கோடு போட்டு வந்திருக்கிறார். யாரும் கேட்கவில்லை. மதியமே களைத்துப்போகிற வேலை அது, மாலை வரைக்கும் ஒரு கேள்வியைக்கூட அவர் விடவில்லை.

அந்தக் கோட்டைப் பார்த்ததும் இரு அணிகளும் அமைதியானார்கள். அதுவரை வாசித்த குறிப்பு ஒன்றுக்கு மேற்பட்ட முற்றுகைகளுக்குப் பொருந்துகிறது என்று கேள்வியை நீக்கி, மாற்றுக் கேள்வி வாசித்தோம். வெஸ்ட்ஃபாலியா அமைதி, 1648. இந்த முறை யாருக்கும் சந்தேகம் இல்லை. முறையிட்ட அணி தோற்றது, இருந்தும் பஸ்ஸரை அழுத்திய அந்த மாணவர் முதலில் போய்க் கைகொடுத்தது கோடு போட்ட மாணவியிடம்தான்.

மாற்றுக் கேள்விகளைத் தயாராக வைத்திருந்த சீனியர்கள், காலையில் ஒவ்வொரு பஸ்ஸரையும் அழுத்திப் பார்த்தவர்கள், முறையீட்டைப் பொறுமையாகக் கேட்ட நடுவர்கள், எல்லோருக்கும் என் நன்றி.

அடுத்த ஆண்டு எந்தக் கேள்வியானாலும் அதன் முதல் வாக்கியத்தை மட்டும் இன்னொருவரிடம் கொடுப்பேன். வேறு எந்த விடையாவது அதற்குப் பொருந்துமா என்று அவர் தேடிச் சொன்ன பிறகே மேடைக்குக் கொண்டுவருவேன். அப்புறம், தங்கையே, அந்தக் கேள்வித்தாள் என்னிடம்தான் இருக்கிறது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.