கட்டுரை எழுதித் தர்றவங்களுக்கு, மைக் முன்னாடி உக்கார்றவளோட திறந்த மடல்

எங்க தமிழ்ச் சங்கக் கமிட்டிப் பெரியவங்களுக்கும், மாசா மாசம் கட்டுரை எழுதி அனுப்புற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

நீங்க எழுதுறத வாசிச்சு ரெக்கார்ட் பண்ணி டர்பன்ல இருக்குற நம்ம ஆளுங்க வாட்ஸ்அப்புக்கு அனுப்புறவ நான்தான். எப்படி ரெக்கார்ட் ஆகுதுன்னு உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாது, அதனால அதச் சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன். கோயில் ஆபீஸ் ரூம்ல கதவச் சாத்திட்டு, ஃபேன ஆஃப் பண்ணிட்டு, செல்போன ரெண்டு நோட்டு மேல நிக்க வச்சு வாசிப்பேன். வெட்டி ஒட்டத் தெரிஞ்ச ஆள் நம்மகிட்ட இல்ல, நான் ஒரு தடவ முயற்சி பண்ணுனேன், ஒட்டுன இடத்துல குரல் திடீர்னு வேற ரூமுக்குப் போயிட்டு வந்த மாதிரி இருந்துச்சு. அதனால எல்லாமே ஒரே டேக். நாலு நிமிஷ ஆடியோவுல மூணாவது நிமிஷம் நாக்கு பெரண்டா மறுபடி வணக்கத்துல இருந்து ஆரம்பிக்கணும், நடுவுல பூசை மணி அடிச்சா அதுவும் போச்சு.

போன ஆகஸ்ட் 9, இங்க தென்னாப்பிரிக்காவுல பெண்கள் தினம். அதுக்குத் தில்லையாடி வள்ளியம்மையைப் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. நல்ல கட்டுரைதான், ஒரு தப்பும் சொல்ல முடியாது, மலர்ல அச்சடிச்சா கண்ணுல ஒத்திக்கலாம். நான் மாயவரத்துல இருந்து கல்யாணமாகி இங்க வந்தவ, தில்லையாடி எங்க ஊருக்குப் பக்கம்தான், அதனால ஆசையா உக்காந்தேன். பதினோரு டேக் ஆச்சு. மாட்டுன இடம் முதல் வாக்கியமேதான். அத அப்படியே தர்றேன், வாய் விட்டு வாசிச்சுப் பாருங்க:

"தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட தாயாருக்கு ஜோகன்னஸ்பர்க்கில் 1898ஆம் ஆண்டு பிறந்து, 1913ஆம் ஆண்டு அறப்போராட்டத்தில் கலந்துகொண்டதற்காக மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டு, பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் அடைக்கப்பட்டு, அங்கு ஏற்பட்ட கொடிய காய்ச்சலால் உடல் நலிவுற்று, விடுதலையான சில நாட்களிலேயே 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் உயிர்நீத்த பதினாறு வயது வீராங்கனையே வள்ளியம்மை ஆவார்."

எண்ணிப் பாத்தேன், நாப்பது வார்த்தை. அதுல வள்ளியம்மைங்கற பேரு முப்பத்தொம்பதாவது. காகிதத்துல இது பிரச்சினையே இல்ல, ஏன்னா கண்ணு கீழ ஓடிப்போயி பேரப் பாத்துட்டு மேல வந்துடும். காதுக்கு அந்த வசதி கிடையாது. கேக்குற ஆளு பிறந்து, விதிக்கப்பட்டு, அடைக்கப்பட்டு, நலிவுற்றுன்னு ஒவ்வொண்ணையும் கையில ஏந்திக்கிட்டே நிக்கணும், இது யாருக்கு நடந்துச்சுன்னு கடைசில பேரு வர்றப்ப முதல்ல ஏந்துனது கீழ விழுந்துருக்கும். நம்ம தமிழோட அமைப்பு அப்படி, அடைமொழி எல்லாம் முன்னாடி வரும், பெயர்ச்சொல் பின்னாடி வரும், எழுதுறவங்களுக்கு அது பெரிய வசதி, "கொண்ட, பிறந்த, நீத்த"ன்னு கோத்துக்கிட்டே போகலாம். வாசிக்கிறவளுக்குப் பிரச்சினை மூச்சு. எனக்கு ஒரு மூச்சுக்குப் பத்து, மிஞ்சிப்போனா பன்னெண்டு வார்த்தை. நாப்பது வார்த்தைக்கு நடுவுல மூணு தடவ மூச்சு வாங்கணும், ஆனா எங்க வாங்குனாலும் குரல் அந்தரத்துல தொங்கும், ஏன்னா வாக்கியம் முடியல. தொங்குதுன்னு தெரிஞ்சதும் அவசரப்படுவேன், அவசரத்துல "பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில்"ல ரெண்டு "ர்"ரும் ஒரு "ட்ஸ்"ஸும் சேந்து நாக்கப் பிடிச்சுக்கும்.

அன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போயி நானே அத மாத்தி எழுதுனேன். செஞ்சது பெரிய வேலை இல்ல. முதல்ல பேரத் தூக்கி முன்னாடி போட்டேன். அப்புறம் ஒவ்வொரு "-ட்டு"வையும் "-து"வையும் பாத்து, இங்க ஒரு வாக்கியத்த முடிச்சுடலாமான்னு கேட்டேன், முடிக்க முடிஞ்ச இடத்துல எல்லாம் வினைமுற்று போட்டு முடிச்சேன். "விதிக்கப்பட்டு", "அடைக்கப்பட்டு" ரெண்டையும் தூக்கிட்டேன், யார் செஞ்சாங்கன்னே இல்லாத அந்தப் "பட்டு" வாயில பஞ்சு மாதிரி இருக்கும். முதல் தடவ வந்தது இது:

"வள்ளியம்மை பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். வருஷம் 1898. அம்மாவின் ஊர் தில்லையாடி. 1913இல் போராட்டத்துக்குப் போனார். பிடித்தார்கள். மூன்று மாதம் கடுங்காவல். மாரிட்ஸ்பர்க் ஜெயில். காய்ச்சல் வந்தது. விடுதலை ஆனார். சில நாளில் இறந்தார்."

வாசிக்கச் சுலபம், முதல் டேக்லயே முடிஞ்சுது. ஆனா எங்க மாமியார்கிட்ட, இங்க எல்லாரும் ஆயான்னுதான் கூப்பிடுவோம், போட்டுக் காட்டுனா, "என்னம்மா தந்தி படிக்கிற"ன்னு கேட்டாங்க. அது சரிதான். எல்லா வாக்கியமும் ஒரே அளவுல இருந்தா குரல் ஒவ்வொண்ணோட முடிவுலயும் ஒரே மாதிரி இறங்கும், பத்து தடவ இறங்குனா படிக்கட்டுல உருள்ற மாதிரி கேக்கும். காய்ச்சலுக்கும் சாவுக்கும் உள்ள தொடர்பும் அந்து போச்சு, நாலஞ்சு சம்பவம் வரிசையில நிக்குது அவ்வளவுதான். அதனால தொடர்பு வேணுங்கற இடத்துல மட்டும் மறுபடி சேத்தேன்:

"வள்ளியம்மை பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில், 1898இல். அம்மாவுக்குச் சொந்த ஊர் தில்லையாடி. 1913இல் அம்மாவும் மகளும் சேர்ந்தே போராட்டத்துக்குப் போனார்கள். வள்ளியம்மைக்குக் கிடைத்தது மூன்று மாதம் கடுங்காவல், மாரிட்ஸ்பர்க் ஜெயிலில். அங்கே பிடித்த காய்ச்சல் விடவே இல்லை. காய்ச்சலோடுதான் வெளியே வந்தார், வந்து சில நாள்தான் இருந்தார். 1914 பிப்ரவரி 22. அன்றைக்கு அவருக்கு வயது பதினாறு."

இதுல ஒண்ணு கவனிங்க. கடைசிக்கு முந்தி தேதி மட்டும் தனியா நிக்குது, வினைச்சொல்லே இல்ல. முன்னாடி நீளமா ரெண்டு வாக்கியம் வந்ததால அந்தக் குட்டி வாக்கியத்துல குரல் தானா நிக்குது, நான் நடிக்கவே வேண்டியதில்ல. இறந்தார்னு சொல்லவும் இல்ல, ஆயாவுக்குப் புரிஞ்சுது, கண்ணத் தொடச்சாங்க. இன்னொண்ணு, "பீட்டர்மாரிட்ஸ்பர்க்" மாரிட்ஸ்பர்க் ஆயிடுச்சு, ஏன்னா இங்க மனுசங்க வாயில அந்த ஊருக்குப் பேரு அதான்.

அடுத்து அந்தக் கட்டுரையில இன்னொரு இடம், அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், அங்கதான் ரொம்ப மோசமாவும் மாட்டுனேன். "சிறை சென்றமைக்காக வருந்துகிறாயா என்று காந்தியடிகள் வினவியதற்கு, வருத்தமா, இப்போதும் கைது செய்தால் மீண்டும் சிறை செல்லச் சித்தமாயிருக்கிறேன் என்று விடையிறுத்தார்." அச்சுல மேற்கோள் குறி இருந்துச்சு, யார் பேசுறாங்கன்னு தெரிஞ்சுது. மேற்கோள் குறிக்குச் சத்தம் கிடையாதே. தமிழ்ல "என்று" கடைசில வர்றதால, பேச்சு முழுசா முடிஞ்சதுக்கு அப்புறம்தான் அது பேச்சுன்னே காதுக்குத் தெரியுது, யாரு பேச்சுன்னு அதுக்கும் அப்புறம். நான் வாசிச்சப்ப நான்தான் யாரையோ "வருந்துகிறாயா"ன்னு கேக்குற மாதிரி இருந்துச்சு. வீட்டுல நாம எப்படிச் சொல்வோம்? "அவ கேட்டா, ஏன் லேட்டுன்னு"ம்போம். ஆளு முன்னாடி, பேச்சு பின்னாடி. அதையே செஞ்சேன்:

"காந்தி அவரைப் பார்க்கப் போனார். படுத்த படுக்கையாக இருந்த பெண்ணிடம் கேட்டார், ஜெயிலுக்குப் போனதுக்கு இப்ப வருத்தப்படுறியான்னு. வள்ளியம்மை சொன்ன பதில் இது. வருத்தமா? இப்பப் பிடிச்சாலும் மறுபடி போவேன்."

கதை சொல்ற வரிகள் போனார், கேட்டார்னு நிக்குது, பேசுற வரி மட்டும் பேச்சுத் தமிழ். அது வேணும்னே செஞ்சது. மொத்தத்தையும் "போனாங்க, கேட்டாங்க"ன்னு மாத்திடலாமேன்னு கமிட்டில ஒருத்தர் கேட்டார், மாத்தலாம், தப்பில்ல, ஆனா மாத்துனா கடைசி வரைக்கும் மாத்தணும். ஒரு வரில "சென்றனர்", அடுத்த வரில "ஜெயில்ல போட்டாங்க"ன்னு வந்தா கேக்குறவங்களுக்கு நான் காகிதத்த விட்டுட்டு சொந்தமா பேச ஆரம்பிச்சுட்டேனோன்னு தோணும். என் அனுபவத்துல நம்ம ஆளுங்களுக்கு நடுவாந்தரம்தான் ஒத்து வருது, வினை எழுத்து மாதிரி முடியட்டும், வார்த்தை வீட்டு வார்த்தையா இருக்கட்டும். வினவினார் வேண்டாம், கேட்டார் போதும். இங்க பாதிப் பேரோட தமிழ் பாட்டிகிட்ட கேட்ட அடுப்படித் தமிழ், "விடையிறுத்தார்" வந்தா அதுக்கு என்ன அர்த்தம்னு யோசிக்கிறதுக்குள்ள அடுத்த ரெண்டு வரி போயிடும். குறள், தேவாரம் வந்தா அதுல கை வைக்க மாட்டேன், மெதுவா வாசிப்பேன், அது வேற கணக்கு.

எண்ணப் பத்தி ஒரு புலம்பல். வர்ற நவம்பர் 16க்கு ட்ரூரோ கப்பல் கட்டுரை வரப்போகுது, 1860ல அன்னிக்குத்தான் மெட்ராஸ்ல இருந்து முதல் கூலிக் கப்பல் இங்க வந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். 1911 வரைக்கும் வந்தவங்க மொத்தம் 1,52,184 பேருன்னு கண்டிப்பா யாராவது எழுதுவீங்க. அதத் தயவுசெஞ்சு ஒரு தடவ வாய் விட்டுச் சொல்லிப் பாருங்க. ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரத்து நூற்று எண்பத்து நான்கு. ஒரு மூச்சுல முக்காவாசி போயிடுச்சு, கேட்டவங்க மனசுல நிக்கிறது கடைசியில வந்த எண்பத்து நாலு மட்டும்தான். ஆடியோவுக்கு "ஒன்றரை லட்சம் பேருக்கு மேல"ன்னு குடுங்க, முழு எண் மலர்ல இருக்கட்டும். இங்க பொறந்த பிள்ளைங்களுக்கு லட்சமும் புரியாது, அதனால நான் "ஒன்றரை லட்சம், அதாவது நூத்தி ஐம்பதாயிரம்"னு சேத்துச் சொல்லிக்கிறேன். அடைப்புக்குறிக்குள்ள எதுவும் வேண்டாம், அத எந்தக் குரல்ல வாசிக்கிறதுன்னு எனக்கு இன்னும் தெரியல. "மேற்கூறிய"வும் வேண்டாம், காதுக்கு மேல கீழ கிடையாது, அந்தப் பேரையே இன்னொரு தடவ சொல்லிட்டா முடிஞ்சுது.

இப்படி மாத்துனா நீளம் கூடும், அதையும் மறைக்கல. பேரத் திருப்பிச் சொல்றது, வாக்கியத்த முடிச்சு மறுபடி ஆரம்பிக்கிறது எல்லாத்துக்கும் வார்த்தை வேணும். நான் நிமிஷத்துக்குத் தொண்ணூத்தஞ்சு வார்த்தை வாசிக்கிறவ, நாலு நிமிஷத்துக்கு முந்நூத்தி எண்பது. நீங்க முந்நூத்தி எண்பது எழுதி அனுப்புனா பேச்சுக்கு மாத்தி முடிக்கிறப்ப நானூத்தி அம்பது ஆயிடுது, அதனால முந்நூறுல நிறுத்துங்க. இல்லன்னா எதை வெட்டுறதுன்னு நான் முடிவு பண்ணணும், அப்புறம் என் மேல கோவிச்சுக்கக் கூடாது.

அனுப்புறதுக்கு முன்னாடி வீட்டுல ஒருத்தர உக்கார வச்சு, காகிதத்தக் காட்டாம ஒரு தடவ வாசிங்க. நீங்க ஒரே இடத்துல ரெண்டு தடவ தடுக்குனா அது வாய்க் கோளாறு இல்ல, வாக்கியக் கோளாறு, அங்க பேனாவ வைங்க. முடிஞ்சதும் என்ன கேட்டீங்கன்னு அவங்களச் சொல்லச் சொல்லுங்க, எந்தப் பேரு விட்டுப்போகுதோ அந்தப் பேரு உங்க வாக்கியத்துல ரொம்பப் பின்னாடி இருக்கும். டைப் பண்றப்ப ஒரு வரிக்கு ஒரு மூச்சு, எழுத்து பெருசா, வாக்கியம் பாதில பக்கம் திரும்பக் கூடாது, பக்கம் திருப்புற சத்தம் போன்ல இடி மாதிரி விழுது.

ட்ரூரோ கட்டுரை நவம்பர் பத்தாம் தேதிக்குள்ள கைக்கு வந்தா போதும். சாயங்காலப் பூசை மணிக்கு முன்னாடி நாலு மணில இருந்து அஞ்சு மணி வரைக்கும் ரூம் காலியா இருக்கும், எழுதுனவங்க யாராவது வந்து கூட உக்காந்தா இன்னும் நல்லது, டீ நான் போட்டுத் தர்றேன்.