சாரத்தைப் பிரிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை மேல ஏறிப் பாருங்க

எங்க ஊர் கோயில் செயல் அலுவலர் ஐயாவுக்கும் திருப்பணிக் குழு பெரியவங்களுக்கும் வணக்கம்.

நான் யாருன்னு உங்களுக்குத் தெரியும். சன்னதித் தெருவுல இருக்கறவன், 26 வருஷம் கோபுரத்துல சுண்ணாம்புப் பொம்மை பண்ற சுதை வேலை பாத்துட்டு முட்டி போனதால சாரத்தை விட்டு இறங்கினவன். நம்ம கோபுரத் திருப்பணியைப் பத்தி ரெண்டு மனு குடுத்தேன், ரெண்டுக்கும் "பாத்துக்கறோம்"னு வாய் வார்த்தைதான் வந்துச்சு. போன வெள்ளிக்கிழமை நடந்ததுக்கு அப்புறம் மூணாவது மனு எழுத மனசு வரல, அதான் எல்லாரும் படிக்கட்டும்னு இங்கயே எழுதறேன்.

வெள்ளிக்கிழமை விடியக்காலம் என்ன விழுந்துச்சுன்னு உங்களுக்கு ரிப்போர்ட் வந்திருக்கும். மூணாவது நிலையில தெற்குப் பக்கம் இருக்கிற துவாரபாலகரோட இடது கை, முழங்கையிலிருந்து விரல் வரைக்கும். கோபுர வாசல்ல பூ கட்டுற அக்காவோட பலகை மேலதான் விழுந்துச்சு. அந்த அக்கா அப்பதான் டீ வாங்க எந்திரிச்சுப் போயிருந்தாங்க. பலகை ரெண்டா ஒடஞ்சு, கட்டி வச்சிருந்த மல்லி எல்லாம் சுண்ணாம்புத் தூள்ல கெடந்துச்சு. நீங்க எடுத்த நடவடிக்கை என்னன்னா பச்சை வலை ஒண்ணு கட்டினதும், அந்த அக்காவை எதிர்ப்பக்கம் போய் உக்காரச் சொன்னதும். எதிர்ப்பக்கம் நிழல் கிடையாது ஐயா. பத்து மணிக்கெல்லாம் பூ வாடிடுது, ஈரத் துணியை மேல மேல போட்டுட்டு உக்காந்திருக்காங்க, மத்தியானத்துக்கு மேல கேக்க ஆள் இல்ல. கோபுரத்து மேல நடக்குற தப்புக்கு கீழ ஒருத்தங்க தினமும் கூலி கட்டிட்டு இருக்காங்க, அவ்வளவுதான் சொல்லுவேன்.

விழுந்த கையை நான் எடுத்துப் பாத்தேன். உங்க ஆபீஸ் மூலையில கோணிப்பையில இருக்கு, நீங்களும் எடுத்துப் பாக்கலாம். ஒடஞ்ச இடத்துல நடுவுல ஒரு இரும்புக் கம்பி, சுண்டு விரல் தடிமன்ல போட்ட கம்பி, இப்ப துருப் பிடிச்சு கட்டை விரல் அளவுக்கு ஊதியிருக்கு, தொட்டா ஏடு ஏடா உதிருது. இரும்பு துருவானா இடம் அதிகமாக் கேக்கும், சுத்தி இருக்கிற சுதையை உள்ளேருந்து நெட்டித் தள்ளும். முதல்ல முழங்கைகிட்ட மயிரிழை விரிசல் வரும், அப்புறம் பழுப்பா ஒரு கறை ஒழுகும், அப்புறம் ஒரு மழை நாள்ல கை கீழ வரும். அந்தப் பழுப்புக் கறையை சித்திரையில சாரம் ஏறினப்பவே காட்டினேன். அதுக்கு மேல ரோஸ் பெயின்ட் அடிச்சுட்டாங்க, கறை தெரியல, ரொம்ப நல்லது.

இன்னொண்ணு, அந்தக் கையோட மேல் தோல் பூராவும் சிமெண்ட். போன கும்பாபிஷேகத்துல அவசரத்துல யாரோ பூசியிருக்காங்க. உள்ள இருக்கறது செங்கல்லும் சுண்ணாம்பும். சுண்ணாம்பு மழைக்குக் குடிச்ச தண்ணியை வெயிலுக்கு விட்டுடும், அதனாலதான் பழைய சுதை அத்தனை வருஷம் நிக்குது. அது மேல சிமெண்ட் பூசினா குடிச்ச தண்ணி வெளிய வர வழியில்ல, சிமெண்ட்டுக்குப் பின்னாடியே தங்கி உப்பு பூத்து, கடைசில சிமெண்ட் ஓடு மாதிரி பெயர்ந்து வரும், வரும்போது பின்னாடி இருக்கிற நல்ல சுண்ணாம்பையும் சேத்து உரிச்சுட்டு வரும். இதைக் கண்டுபிடிக்க மெஷின் எதுவும் வேண்டாம், விரல் முட்டியால தட்டினா போதும். நல்லா பிடிச்சிருக்கிற இடம் கல்லைத் தட்டின மாதிரி கெட்டியா கேக்கும், பொள்ளல் விழுந்த இடம் காலி டப்பா மாதிரி கேக்கும். ஸ்தபதியோட பையன் அனுமதிச்சதால புரட்டாசியில நான் முட்டி வலியோட மூணு நிலை வரைக்கும் ஏறி சன்னதிப் பக்கம் மட்டும் தட்டிப் பாத்தேன். 41 பொம்மையில பொள்ளல் கேட்டுச்சு, எல்லாத்துலயும் சாக்பீஸ்ல வட்டம் போட்டு வச்சேன். அடுத்த வாரம் போய்ப் பாத்தா வட்டத்து மேலயே பிரைமர் அடிச்சிருக்காங்க.

என்னோட கோரிக்கை ஒண்ணே ஒண்ணுதான். சாரம் நிக்கும்போதே பொள்ளலை எல்லாம் தட்டி எடுத்து, சுண்ணாம்புலயே சுதை வேலையை முடிச்சு, காய விட்டு, அதுக்கப்புறம் பெயின்ட் அடிங்க. அது வரைக்கும் சாரத்தைப் பிரிக்காதீங்க.

சாரத்தை ஏன் பிடிச்சுத் தொங்கறேன்னு கேப்பீங்க. அஞ்சு நிலை கோபுரத்துக்கு சவுக்கு மரம் இறக்கி, ஒண்ணு மேல ஒண்ணு சேத்துக் கட்டி, நிலைக்கு நிலை பலகை போடறதுதான் இந்த வேலையிலயே பெரும் பாடு. அது பிரிஞ்சா அடுத்த 12 வருஷத்துக்கு அங்க ஏறப் போறது புறாவும் அரசங்கன்னும்தான். நம்ம சாரம் சித்திரையில கட்டினது. ஆடி முடியற வரைக்கும் பெயின்ட் யார் உபயம்ங்கற பேச்சு ஓடிச்சு, அந்த நாலு மாசம் நல்ல வெயில், சுதைக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது, ஒரு கரண்டி சுண்ணாம்பு மேல போகல. இப்ப ஐப்பசி மழையில, தையில கும்பாபிஷேகத்துக்கு நாள் குறிச்சாச்சுன்னு, ஓட்டமா ஓடறீங்க. நடுவுல சாரத்துக் கயிறு ஒரு தடவையாவது மாத்தினீங்களா? தேங்கா நார் கயிறு ஆறு மாசம் வெயிலும் மழையும் பட்டா நைஞ்சு போகும். மேல நிக்கறவனும் யாரோ ஒரு வீட்டுப் பையன்தான்.

சாரம் கட்டின விதமும் சரியில்ல. சாரத்துக்கும் பொம்மைக்கும் நடுவுல ஒரு ஒண்ணரை அடி விடணும், அப்பதான் கை கரண்டியோட திரும்பும். நம்ம கோபுரத்துல ரெண்டாவது நிலையில மரம் ஒரு பூதகணத்தோட மூக்குலயே சாஞ்சு நிக்குது. கிழக்குப் பக்கம் ஒரு யாளி கழுத்துல கயிறு போட்டு சாரத்தை இழுத்துக் கட்டியிருக்காங்க. பொம்மையில எப்பவுமே கட்டக் கூடாது, அது சாரத்தைத் தாங்கப் பண்ணினது இல்ல. காத்தடிக்கும்போது சாரம் ஆடினா யாளியும் சேந்து ஆடும். இரும்புப் பைப் சாரம் போடலாமேன்னு குழுவுல ஒருத்தர் கேட்டாராம். உறுதிதான், ஆனா கோபுரம் மேல போகப் போக உள்வாங்கும், அதுக்கு ஏத்த மாதிரி சவுக்கை வளைச்சுக் கட்டிக்கலாம், பைப்பை முடியாது, தெரியாம இடிச்சா மூக்கு முழி எதுவும் மிஞ்சாது. பைப்தான்னா அந்த இடைவெளியைக் கணக்குப் பண்ணத் தெரிஞ்ச ஆளை வச்சுப் போடுங்க.

எவ்வளவு நாள் ஆகும்னு உங்க இன்ஜினியர் கேட்டாரு. அந்த ஒரு கையையே எடுத்துக்குங்க. துருக் கம்பியை அடியோட எடுக்கணும், தோள்ல மிச்சம் இருக்கிற சிமெண்ட்டை உளியால மெதுவா கொத்தி எடுக்கணும், அதுக்கு மட்டும் ரெண்டு நாள். அப்புறம் செம்புக் கம்பியோ துருப் பிடிக்காத ஸ்டீல் கம்பியோ போட்டு செம்பு ஒயரை சுத்தணும். சுண்ணாம்பை முன்னாடியே நீத்து, வாரக்கணக்குல ஊற வச்சிருக்கணும். கடுக்காய் ஊறின தண்ணியும் வெல்லத் தண்ணியும் விட்டு மணலோட நல்லா அரைக்கணும், ஈரமா இருந்தா கரண்டியில வெண்ணெய் மாதிரி ஒட்டணும். ஒரே நாள்ல முழுக் கையை அப்பிடக் கூடாது, அரை அங்குலத்துக்கு மேல ஒரு பூச்சு ஏத்தினா வெடிக்கும். ஒரு பூச்சு, ரெண்டு மூணு நாள் ஈரச் சாக்கு, அடுத்த பூச்சு, கடைசியா நைசு சுண்ணாம்புல விரல், நகம், வளையல் எல்லாம். எங்க கணக்குல ஒரு கைக்கு மூணு வாரம். ஆனா நாலஞ்சு ஆள் இருந்தா இருபது கை ஒரே சமயத்துல நடக்கும், ஒண்ணு காயும்போது இன்னொண்ணைப் பூசலாம். அதுக்கப்புறம் ஒரு மாசமாவது சும்மா விடணும், ஏன்னா சுண்ணாம்பு காத்தைக் குடிச்சுதான் இறுகும். பச்சை சுண்ணாம்பு மேல எனாமல் அடிச்சா அந்தக் காரத்துல எண்ணெய் சோப்பா மாறி, ஆறே மாசத்துல கொப்புளம் கொப்புளமா உரியும்.

பெயின்ட்டுக்கு வர்றேன். கலரே வேண்டாம்னு சொல்ற ஆள் நான் இல்ல. ஸ்ரீரங்கத்துல வெள்ளைக் கோபுரமும் இருக்கு, மதுரையில அத்தனை கலரும் இருக்கு, ரெண்டும் அழகுதான். விழுந்த கையில ஒரு சில்லை ஒடச்சு வெளிச்சத்துல பாத்தேன், ஏழு ஏடு பெயின்ட். அடியில சுண்ணாம்பு வெள்ளை, அது மேல காவி, அப்புறம் ஒரு மங்கின நீலம், மேல போகப் போக பளபளன்னு எனாமல். சிமெண்ட் பூசாத இடத்துல கூட இந்த எனாமல் தோலே தண்ணியை உள்ள அடைச்சு வச்சுடுது. அதனால பழைய எனாமலை கையால சுரண்டி எடுத்துட்டு, வண்ணப் பொடி கலந்த சுண்ணாம்பு அடிங்க, அது முடியாதுன்னா மூச்சு விடற எமல்ஷனாவது அடிங்க. போட்டோவுல கொஞ்சம் மங்கலாத்தான் தெரியும், உபயதாரர் கோவிச்சுக்காம இருக்க நீங்கதான் பேசணும். சுரண்டறதுக்கு மணலை வேகமா அடிக்கிற மெஷினை மட்டும் கொண்டு வந்துடாதீங்க, சுதை முகமே போயிடும்.

கலர் தேர்வையும் கான்ட்ராக்டர் கார்டுல இருந்து எடுக்காதீங்க. நாலாவது நிலையில ராமர், லட்சுமணர், பரதர், சத்ருக்கனர் நாலு பேருக்கும் ஒரே நீலம் அடிச்சாச்சு. ராமரும் பரதரும் கரு நிறம், லட்சுமணரும் சத்ருக்கனரும் பொன்னிறம், இது எங்க பாட்டிக்குத் தெரியும். பெயின்டரைக் குத்தம் சொல்ல மாட்டேன், அவருக்கு நீல டின் நிறைய குடுத்திருக்கீங்க. ஆனா கான்ட்ராக்டர் போர்டு மட்டும் கோபுரத்தைவிட தெளிவா தெரியுற மாதிரி சாரத்துல தொங்குது பாருங்க, அந்த எழுத்துக்கு யாரும் கலர் மாத்திக் குழப்பல!

சரி, கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிக்கணும்.

காளஹஸ்தி கோபுரம் 2010ல மே மாசம் இடிஞ்சு விழுந்ததை டிவியில எல்லாரும் பாத்தோம். கிருஷ்ணதேவராயர் 1516ல கட்டினது, விரிசல் இருந்தது முன்னாடியே தெரிஞ்சிருந்துச்சு. நம்ம கோபுரம் அந்த நிலைமையில இருக்குன்னு பயமுறுத்தல. விரிசல் தெரிஞ்ச பிறகு அதுக்கு மேல கலர் அடிக்கறது எந்தக் கணக்குன்னு மட்டும்தான் கேக்கறேன்.

அதனால திரும்பவும் கும்பிட்டுக் கேட்டுக்கறேன். பெயின்ட்டை நிறுத்தி வைங்க, கயிறை மாத்துங்க, சுதையை சுண்ணாம்புல முடிங்க, சாரத்தைப் பிரிக்காதீங்க. தை நாள் தள்ளிப் போனா பங்குனியில நல்ல நாள் இல்லாமலா போயிடும், குருக்கள் ஐயாகிட்ட கேட்டா பாத்துச் சொல்லுவாரு. கூலி எனக்கு வேண்டாம், பூசற பசங்களுக்குக் கூட நின்னு சொல்லிக் குடுக்கறேன்.

வர்ற திங்கக்கிழமை காலை ஏழு மணிக்கு ஏணிகிட்ட நிக்கறேன். நீங்களும் இன்ஜினியரும் மூணாவது நிலை வரைக்கும் மட்டும் என்கூட ஏறி, நான் காட்டற பத்து இடத்துல உங்க விரலாலயே தட்டிப் பாருங்க. அப்படியே பூக்கார அக்காவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு கீத்துப் பந்தல் போட்டுக் குடுங்க, சாரத்துல மிச்சம் கிடக்குற நாலு சவுக்கே போதும் அதுக்கு.