நடைவழியில் ஒரு நலவிசாரிப்பு

மண்டபம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சென்னை அலுவலகத்தில் சேர்ந்த இந்த மூன்று வாரங்களில் உன்னை உறுத்திக்கொண்டிருப்பது வேலையோ வீட்டு வாடகையோ அல்ல, இங்கிலாந்திலிருந்து வந்திருக்கும் மேலாளர் காலையில் நடைவழியில் எதிர்ப்பட்டு 'ஹவ் ஆர் யூ?' என்று கேட்கும் அந்த நொடிதான் என்று எழுதியிருந்ததைப் படித்து முதலில் சிரித்தேன். பிறகு எனக்கும் அதே பாடு நேர்ந்தது நினைவுக்கு வந்து சிரிப்பு அடங்கிவிட்டது. ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டதால் விசைப்படகுகள் கரையில் கிடக்கின்றன, நண்டு கம்பெனியிலும் வரத்துக் குறைவு. ஆகையால் இதைப் பற்றி நிதானமாகவே எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நீ இரண்டு தவறு செய்ததாக எழுதியிருக்கிறாய். முதல் நாள் அவர் கேட்டதும் நின்று, முழங்கால் வலி பற்றியும் மின்தூக்கி வேலை செய்யாததால் மூன்று மாடி ஏறியது பற்றியும் சொல்லத் தொடங்கினாய். அவர் அதற்குள் உன்னைத் தாண்டிப் போய், கழுத்தை மட்டும் திருப்பிக்கொண்டு சங்கடத்தோடு புன்னகை செய்தார். மறுநாளிலிருந்து எச்சரிக்கையாகி, 'ஃபைன் சார்' என்று சொல்லித் தலையைத் தாழ்த்திக்கொண்டு போய்விடுகிறாய். இப்போது உன் பக்கத்து இருக்கைக்காரர், 'அவரோடு உங்களுக்கு ஏதாவது வருத்தமா?' என்று கேட்கிறார். இந்த இரண்டு தவறுகளில் முதலாவது எல்லோரும் செய்வது; அதை அவர் அன்றைக்கே மறந்திருப்பார். இரண்டாவதுதான் தங்கிவிடுகிறது. அது நம் ஊர் மரியாதையிலிருந்து பிறப்பதால் அதைத் தவறென்று நாமாக உணர்வதும் கடினம்.

முதலாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இயல்பாக நடப்பவர் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 1.3 மீட்டர் நடப்பார். இருவர் எதிரெதிரே வரும்போது எட்டு மீட்டர் இடைவெளி மூன்று விநாடியில் தீர்ந்துவிடும். அதில் ஒரு விநாடி அவருடைய கேள்விக்கே போய்விட்டால் உன் பதிலுக்கும் அவருடைய மறுமொழிக்கும் சேர்த்து இரண்டு விநாடிதான் மிஞ்சும். முழங்காலுக்கு அதில் எங்கே இடம்? ஆகவே கேட்கப்பட்டது கேள்வியா வணக்கமா என்பதைச் சொற்களைக் கொண்டு முடிவு செய்யாதே, காலைப் பார். நடை தளராமல் கேட்டால் அது வணக்கம். நின்று, கால்விரல் உன் பக்கம் திரும்பி, கண்ணை எடுக்காமல் கேட்டால் அது கேள்வி.

இதில் நமக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. வீட்டை விட்டுப் புறப்படுகிறவரிடம் 'எங்கே போகிறாய்?' என்று கேட்கக் கூடாதென்று நம் பெரியவர்கள் 'தூரமா?' என்று கேட்பார்கள். அதற்கு 'இங்கேதான்' என்பது போதுமான பதில். மதுரைக்குப் போகிறவரும் 'இங்கேதான்' என்றுதான் சொல்லிவிட்டுப் போவார், யாரும் அதைப் பொய் என்று எண்ணியதில்லை. 'சாப்பிட்டாச்சா?' என்பதும் அப்படியே. வாசலில் போகிறவர் அதற்கு 'இல்லை' என்று உண்மையைச் சொல்லிவிட்டால், கேட்டவர் இலை போட வேண்டிய கட்டாயத்தில் சிக்கிக்கொள்வார். இவற்றையெல்லாம் பிசகில்லாமல் கையாளுகிற நாம், ஆங்கிலத்தில் கேட்டவுடன் மட்டும் சொல்லுக்குச் சொல் பொருள் பார்த்து விடை எழுதத் தொடங்கிவிடுகிறோம். பள்ளியில் அதை வினா–விடையாகப் படித்ததன் விளைவு இது என்பது என் எண்ணம்.

இனி இரண்டாவது. நம் பக்கத்து அலுவலகங்களில் மேலதிகாரி 'என்னப்பா, எப்படி இருக்கே?' என்று கேட்டால் 'நல்லா இருக்கேன் சார்' என்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். 'நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?' என்று அவரைத் திருப்பிக் கேட்பது சமமாக நின்று பேசுவது போல ஆகிவிடும் என்ற கூச்சம் நமக்கு இருக்கிறது. பெரியவர் நலம் கேட்பார், சிறியவர் விடை சொல்வார் என்பது நமக்கு ஊறிப்போன ஒழுங்கு. உன் மேலாளரின் ஊர்ப் பழக்கத்தில் அந்தக் கேள்வி ஒரு கைமாற்று. வாங்கினால் உடனே திருப்பித் தர வேண்டும். பதவி உயர்ந்தவரா தாழ்ந்தவரா என்பது அங்கே கணக்கில்லை. 'ஃபைன்' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், அவருடைய காதில் கதவைச் சாத்தியது போலத்தான் விழும். நீ பணிவாகக் குனிந்ததை அவர் முகம் கொடுக்காமல் போனதாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

கீழக்கரையில் நாம் படித்த நாட்களை நினைத்துப் பார். தெருவில் ஒருவர் 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்றால் மறுமொழி சொல்லாமல் யாரும் கடந்து போனதில்லை. சிறுவன் சொன்னாலும் ஆலிம் நின்று 'வஅலைக்குமுஸ்ஸலாம்' என்று பதில் தருவார். வாழ்த்தப்பட்டால் அதைவிடச் சிறந்ததைச் சொல்லுங்கள், அல்லது அதையே திருப்பிச் சொல்லுங்கள் என்பது அவர்களுடைய வேதத்திலேயே இருக்கிறது. உன் மேலாளரின் கேள்விக்கும் அந்த முறையையே வைத்துக்கொள்.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: 'குட், தேங்க்ஸ். யூ?' நடந்துகொண்டே, முகத்தைப் பார்த்து, அவர் உன்னைத் தாண்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும். நாம் பள்ளியில் பாடம் செய்த 'ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ?' என்பதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அத்தனை சொல்லையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னால் ஒப்பிப்பது போல ஒலிக்கும். முழுக் கேள்வியாகத் திருப்பிக் கேட்க விரும்பினால் அழுத்தம் எங்கே விழுகிறது என்பதைக் கவனி. முதலில் கேட்பவர் பெரும்பாலும் 'ஹவ் *ஆர்* யூ' என்று நடுச்சொல்லை அழுத்துவார். திருப்பிக் கேட்பவர் 'ஹவ் ஆர் *யூ*' என்று கடைசிச் சொல்லை அழுத்துவார். இந்த ஓர் அழுத்தத்தை மாற்றிச் சொன்னால், நீ அவருக்கு விடை தராமல் புதிதாகக் கேள்வி கேட்பது போலத் தோன்றும்.

அவர் இங்கிலாந்துக்காரர் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவைக்கிறேன். சில நாள் அவர் 'யூ ஆல்ரைட்?' என்று கேட்கலாம். உன் முகத்தில் ஏதோ வாட்டத்தைக் கண்டு கேட்கிறார் என்று பதறாதே. அதுவும் வெறும் வணக்கம்தான், 'யா, யூ?' என்றால் தீர்ந்தது. அவரே 'நாட் பேட்' என்று சொன்னால் நலமாக இருக்கிறார் என்று வைத்துக்கொள். 'என்ன சார் ஆயிற்று?' என்று கேட்டுவிடாதே. அதே நாளில் இரண்டாம் முறை எதிர்ப்பட்டால் நலம் கேட்க வேண்டாம், தலையசைப்பு போதும். நான்கு முறை பார்த்து நான்கு முறையும் கேட்பவனைக் கண்டால் ஆட்கள் வேறு படிக்கட்டில் இறங்குவார்கள்.

என் கதையையும் கேள். எட்டு ஆண்டுகளுக்கு முன், நண்டுச் சதை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது, வாங்குகிறவர்களின் சார்பில் வெளிநாட்டிலிருந்து ஒருவர் தரம் பார்க்க வந்திருந்தார். காலையில் பதப்படுத்தும் கூடத்துக்கு வெளியே என்னைப் பார்த்து 'ஹவ் ஆர் யூ?' என்றார். அன்று ஐஸ் வண்டி பாம்பன் பக்கம் பழுதாகி நின்று, நான் விடியற்காலையிலிருந்து தொலைபேசியும் கையுமாக அலைந்து களைத்திருந்தேன். கேட்டாரே என்று, ஐஸ் வரத் தாமதமானதையும் அதனால் பட்ட அவதியையும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கொட்டிவிட்டேன். அவர் நின்றார், சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார், எழுதிக்கொண்டார். நலம் விசாரித்ததற்கு நான் சொன்ன விடை மாலைக் கூட்டத்தில் 'குளிர்பதனத்தில் குறைபாடு உண்டா?' என்ற கேள்வியாக முதலாளியின் முன்னால் வந்து நின்றது. உண்மையில் கையிருப்பு ஐஸ் போதுமான அளவு இருந்தது. அதை விளக்கி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. முதலாளி என்னைத் திட்டவில்லை. ஆனால் அதன்பிறகு அந்த ஆய்வாளர் வரும் நாட்களில் என்னை உள்ளறையிலேயே உட்கார வைத்துவிட்டார்.

உண்மையாகவே மனம் சரியில்லாத நாளில் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய். சொல்ல விருப்பம் இல்லையென்றால் 'குட்' என்பதையே தயங்காமல் சொல்லிவிடு. காட்டிக்கொடுப்பது சொல் அன்று, தயக்கமே. 'ம்... இருக்கேன்' என்று அரை விநாடி இழுத்தாலே நம் ஆட்கள் 'என்ன, ஒரு மாதிரியா இருக்கே?' என்று பிடித்துவிடுவார்கள் அல்லவா? ஆங்கிலத்திலும் அப்படித்தான். 'குட்' என்பது உடனே வந்தால் குட். சற்றுத் தாமதித்து, குரல் இறங்கி 'ஓகே' என்று வந்தால், ஏதோ இருக்கிறது என்று கேட்பவர் கண்டுகொள்வார். நின்று கேட்க நேரமில்லாதவரிடம் அப்படி இழுப்பது அவரைக் குற்ற உணர்வில் தள்ளுவதாகவே முடியும்.

சொல்ல விரும்பினாலும் நடைவழியில் சொல்லாதே. இடத்தையும் நேரத்தையும் தள்ளிவை. சென்ற மாதம் என் தங்கை இராமநாதபுரத்தில் மருத்துவமனையில் இருந்தபோது, எதிர்ப்பட்ட சக ஊழியர் 'எப்படி இருக்கீங்கண்ணே?' என்றார். 'கொஞ்சம் அலைச்சல்தான் தம்பி, மத்தியானம் சொல்றேன். நீங்க எப்படி?' என்றேன். அவரும் நடையை நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை. ஆனால் மதியம் சாப்பாட்டுத் தூக்கைத் தூக்கிக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்து உட்கார்ந்து முழுவதும் கேட்டுக்கொண்டார். உன் மேலாளரிடமானால் 'பிட் டயர்ட், பட் ஓகே. யூ?' என்று சொல்லலாம். அவருக்கு அக்கறை இருந்தால் அவராகவே நின்று கேட்பார்; அப்போது கால் திரும்பியிருக்கும், பார்த்துக்கொள்.

திங்கட்கிழமை காலையில் அவரைக் கண்டால் அவர் கேட்கும்வரை காத்திராமல் நீயே முந்திக்கொண்டு 'குட் மார்னிங், ஹவ் ஆர் யூ?' என்று கேட்டுப் பார். மூன்று வாரமாகத் தலைகுனிந்து போனவன் கேட்டால் அவருக்கு முதலில் திகைப்பாகத்தான் இருக்கும், அது பரவாயில்லை. 'சார்' என்ற சொல்லை விட உனக்கு மனம் வராதென்று எனக்குத் தெரியும். கூடவே வைத்துக்கொள், கேள்வியை மட்டும் விட்டுவிடாதே.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் நின்றுதான் கேட்கிறேன், விரிவாக எழுது. தங்கை வீடு திரும்பிவிட்டாள், நடமாடத் தொடங்கியிருக்கிறாள். தடைக்காலம் முடிந்து படகுகள் போகத் தொடங்கியதும் யாராவது சென்னைக்கு வந்தால் கருவாடு கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்